லித்தியம் பேட்டரி செத்துவிட்டதா, பழைய சார்ஜருக்கு அதைத் தெரியவில்லையா?

கேள்வி: பைக்கில் லித்தியம் பேட்டரி போட்டு ஒரு வருஷம் ஆகிறது. இரண்டு மாதம் ஊரில் இல்லை. வந்து பார்த்தால் செல்ஃப் எடுக்கவில்லை, மீட்டரில் விளக்குகூட வரவில்லை. வீட்டில் இருந்த பழைய சார்ஜரை மாட்டினால் பேட்டரியே இல்லாத மாதிரி சிவப்பு விளக்கு மின்னுகிறது. அதே சார்ஜர் நண்பனுடைய சாதா பேட்டரிக்கு நன்றாக வேலை செய்கிறது. கடையில் "பேட்டரி போயிடுச்சு, புதுசு வாங்குங்க" என்கிறார்கள். உண்மையிலேயே போய்விட்டதா? லித்தியத்துக்குத் தனி சார்ஜர் வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்:

இப்போதைக்குப் புதுசு வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் பேட்டரி செத்திருப்பதைவிட, அது தன்னைத்தானே துண்டித்துக்கொண்டிருக்கவே வாய்ப்பு அதிகம். பேட்டரியை பைக்கிலிருந்து கழற்றி, இரண்டு டெர்மினலிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பூஜ்யமோ அல்லது இரண்டு மூன்று வோல்ட்டோ காட்டினால், நீங்கள் பார்ப்பது செல்களின் வோல்ட்டேஜ் அல்ல. உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட், அதாவது பிஎம்எஸ், செல்கள் ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் வெளி டெர்மினலைத் துண்டித்துவிட்டது. செல்களில் இன்னும் கொஞ்சம் சார்ஜ் இருக்கலாம். அது வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

எல்லா லித்தியம் பேட்டரியிலும் இந்தத் துண்டிப்பு வசதி கிடையாது. விலை குறைந்த சிலவற்றில் செல்களைச் சமப்படுத்தும் சிறிய போர்டு மட்டும்தான் இருக்கும். அப்படிப்பட்ட பேட்டரியில் 4 வோல்ட் காட்டினால், செல்களே உண்மையில் அந்த நிலையில் இருக்கின்றன என்று பொருள். அது கெட்ட செய்தி. உங்களுடையது எந்த வகை என்பதைப் பேட்டரியோடு வந்த தாளில் பாருங்கள்.

சரி, இரண்டு மாதத்தில் ஏன் இவ்வளவு இறங்கியது? வண்டி ஸ்டார்ட் செய்ய விற்கும் லித்தியம் பேட்டரிகள் பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, லேபிளில் LiFePO4 என்று இருக்கும். போனில் இருக்கும் வகையைவிடச் சூட்டைத் தாங்கக்கூடியது. இதன் லேபிளில் "12 ஆம்பியர்-அவருக்குச் சமம்" என்று போட்டிருப்பார்கள். செல்ஃப் மோட்டாரைச் சுற்றும் பலத்தில் 12-க்குச் சமம் என்பதுதான் அதன் பொருள். உள்ளே உண்மையில் சேமிக்கக்கூடியது 4 ஆம்பியர்-அவர் அளவில்தான் இருக்கும். எடை குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது கணக்குப் போடுவோம். சாவியை எடுத்த பிறகும் கடிகாரம், என்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈசியூ இவற்றுக்காக பைக் கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். அது 3 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 0.072 ஆம்பியர்-அவர். 60 நாளில் 4.3. உங்கள் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 4! அதே இடத்தில் உண்மையான 12 ஆம்பியர்-அவர் ஈயப் பேட்டரி, அதாவது சாதா பேட்டரி, இருந்திருந்தால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் போயிருக்கும், தானாக இறங்குவது கொஞ்சம் சேரும், தடுமாறியாவது ஸ்டார்ட் ஆகியிருக்கும். திருட்டு அலாரமோ ஜிபிஎஸ் கருவியோ மாட்டி 15 மில்லி ஆம்பியர் போகிறது என்றால் லித்தியம் 11 நாளில் காலி. லித்தியம் பேட்டரி தானாக மிகக் குறைவாகத்தான் இறங்கும் என்று விற்பவர்கள் சொல்வது உண்மைதான். அலமாரியில் கழற்றி வைத்த பேட்டரிக்கு அது பொருந்தும். வண்டியில் மாட்டியிருக்கும் பேட்டரியை இறக்குவது வண்டி.

அடுத்து, சார்ஜர் ஏன் கண்டுகொள்ளவில்லை? ஈயப் பேட்டரிக்காக வந்த எலக்ட்ரானிக் சார்ஜர்கள் கிளிப்பை மாட்டியதும் உடனே மின்சாரத்தைத் தள்ளாது. முதலில் அந்தப் பக்கம் ஏதாவது வோல்ட்டேஜ் இருக்கிறதா, பிளஸ் மைனஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். கிளிப்புகள் ஒன்றோடு ஒன்று உரசினாலோ, மாற்றி மாட்டினாலோ தீப்பொறி வராமல் இருக்க இந்த ஏற்பாடு. ஈயப் பேட்டரி எவ்வளவு மோசமாக இறங்கினாலும் சில வோல்ட் காட்டும் என்பதை நம்பி இப்படி அமைத்திருக்கிறார்கள். துண்டித்துக்கொண்ட லித்தியத்தின் டெர்மினலில் ஒன்றும் இல்லை என்பதால், சார்ஜருக்கு அங்கே பேட்டரியே இல்லை. ஆக சார்ஜரும் கெடவில்லை, பேட்டரியும் கெடாமல் இருக்கலாம்.

எழுப்புவதற்குச் சரியான வழி, லித்தியம் பயன்முறை உள்ள சார்ஜர். டெர்மினலில் வோல்ட்டேஜ் இல்லாவிட்டாலும் சிறு மின்சாரத்தைக் கொடுத்து பிஎம்எஸ்ஸைத் திறக்க வைக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். லித்தியம் என்று அச்சடித்திருக்கும் எல்லாவற்றிலும் அது இருக்காது. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த நண்பரிடம் வோல்ட்டேஜும் ஆம்பியரும் தனித்தனியாக வைக்கக்கூடிய பவர் சப்ளை இருந்தால் அதுவே போதும். 14.4 வோல்ட், 1 ஆம்பியர் என்று வைத்துவிட்டு, பிளஸ்ஸைப் பிளஸ்ஸோடும் மைனஸை மைனஸோடும் மாட்டுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் கழித்துக் கழற்றி, உடனே மீட்டரை வையுங்கள். இப்போது தெரிவதுதான் செல்களின் உண்மையான வோல்ட்டேஜுக்கு அருகில் உள்ள எண்.

அந்த எண் 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி. மறுபடி மாட்டி, அதே 1 ஆம்பியரில் ஏற விடுங்கள். நான்கு ஐந்து மணி நேரத்தில் நிறைந்துவிடும். 8 முதல் 10 வோல்ட்டுக்குள் இருந்தால் ஆம்பியரை இன்னும் குறைத்து, பக்கத்திலேயே இருந்து, தொட்டுப் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். சில நிமிடங்களில் 12-ஐத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிட்டது. 8-க்குக் கீழே என்றால் நான் ஏற்ற மாட்டேன், உங்களையும் ஏற்ற வேண்டாம் என்றுதான் சொல்வேன். உள்ளே நான்கு செல்கள் வரிசையாக இருக்கின்றன. 8 வோல்ட் என்றால் செல்லுக்கு 2 வோல்ட். அதற்குக் கீழே நீண்ட நாள் கிடந்தால், செல்லின் எதிர்மின் பக்கத்தில் இருக்கும் மெல்லிய செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடங்களில் படிந்து செல்லுக்குள்ளேயே ஷார்ட் உண்டாக்கும். அன்றைக்கு நன்றாக ஏறியது போலத் தெரியும். பிறகு ஒரு நாள் சீட்டுக்கு அடியில் சூடாகும். பேட்டரிப் பெட்டி உப்பியிருந்தால் எண் எதுவாக இருந்தாலும் ஏற்றுவதைத் தொடர வேண்டாம்.

சாதா பேட்டரியில் இருந்து ஜம்பர் வயர் போட்டு எழுப்பலாம் என்று பலர் சொல்வார்கள். பிஎம்எஸ் திறந்துகொள்ளும் என்பது சரிதான். ஆனால் லித்தியம் செல்லின் உள் எதிர்ப்பு மிகக் குறைவு. காலியான செல், எதிர்ப்பக்கம் கொடுக்கிற அத்தனை ஆம்பியரையும் ஒரே மூச்சில் வாங்கிக்கொள்ளும். 1 ஆம்பியரில் மெதுவாகச் செய்ய வேண்டிய வேலையை அப்படிச் செய்யாதீர்கள். அதே காரணத்துக்காக, தள்ளி ஸ்டார்ட் செய்து "ஓட ஓட ஏறிவிடும்" என்று கிளம்புவதும் தவறு. முழுசாகக் காலியான லித்தியம், பைக்கில் மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டர் காயிலையும் அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெக்டிஃபையரையும் முழுத் திறனில் நிறுத்தாமல் வேலை வாங்கும். ஈயப் பேட்டரி நிறைய நிறையத் தானாகவே வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். இது கிட்டத்தட்ட கடைசி வரை வாங்கிக்கொண்டே இருக்கும்.

இனி தனி சார்ஜர் கட்டாயமா என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கேதான் கடைகளில் பாதிப் பதில் சொல்கிறார்கள். நிறைந்த வோல்ட்டேஜை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஈயத்துக்கு 14.4 முதல் 14.7 வரை ஏற்றுவார்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு 14.4 முதல் 14.6. அதனால்தான் பைக்கில் நேரடியாக மாட்ட முடிகிறது. வித்தியாசம், நிறைந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது.

ஈயப் பேட்டரி நிறைந்த பிறகும் மின்சாரம் கொடுத்தால், அது அமிலத்தில் இருக்கும் தண்ணீரை ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று பிரித்து அதில் அந்த மின்சாரத்தைச் செலவழித்துவிடும். பேட்டரி கொதிக்கிறது என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் சரியாகிவிடும். அதைவிட முக்கியம், ஆறு செல்லில் ஒன்று முதலில் நிறைந்துவிட்டால் அது கொதித்துக்கொண்டே காத்திருக்கும், மற்றவை வந்து சேர்ந்துகொள்ளும். லித்தியத்தில் இப்படி ஒரு வடிகால் கிடையாது. எடுக்கக்கூடிய லித்தியம் அயனிகள் எல்லாம் இடம் மாறி முடிந்ததும், செல்லின் வோல்ட்டேஜ் செங்குத்தாக ஏறும். அதற்கு மேல் தள்ளினால் சிதைவது உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட். வாயு உண்டாகி செல் உப்பும், அந்த வாயு தீப்பிடிக்கக்கூடியது. நான்கு செல்லில் எது முதலில் நிறைகிறதோ அதுதான் முதலில் அடிபடும். மொத்தத்தில் 14.8 காட்டும்போதே ஒரு செல் மட்டும் 4 வோல்ட்டை எட்டியிருக்கலாம்.

இந்த ஒரு விஷயத்தை வைத்துப் பழைய சார்ஜர்களைப் பிரித்துப் பாருங்கள். பழைய பேட்டரிக் கடைகளில் இருக்கும் கனமான டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் முதல் வகை. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டையோடு, ஒரு ஆம்பியர் மீட்டர், அவ்வளவுதான். வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை. பேட்டரி மாட்டாமல் மல்டிமீட்டரில் பார்த்தால் 12, 13 என்று சாதுவாகக் காட்டும். மீட்டர் காட்டுவது சராசரி. 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் அலை உச்சி 21-ஐத் தொடும், டையோடில் போவது போக 19, 20 வோல்ட் மிஞ்சும். பேட்டரி நிறைந்த பிறகும் ஒவ்வொரு உச்சியிலும் மின்சாரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஈயம் என்றால் 16-ஐத் தாண்டிக் கொதிக்கும், யாராவது வந்து கழற்றுவார்கள். லித்தியத்தில் நல்ல பிஎம்எஸ் இருந்தால் துண்டித்துக் காப்பாற்றும். அது இல்லாத பேட்டரியைக் காப்பாற்ற யாரும் இல்லை. இந்தச் சார்ஜர் கிளிப்பில் வோல்ட்டேஜ் இருக்கிறதா என்று பார்க்காது என்பதால், தூங்கும் பேட்டரியை எழுப்பவும் செய்யும். அதனால் "என் பழைய சார்ஜர்லயே ஏறிச்சே" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஏறும். எப்போது நிறுத்துவது என்பதுதான் அதற்குத் தெரியாது. இதை லித்தியத்துக்கு வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது வகை, உங்களிடம் இருப்பது போன்ற எலக்ட்ரானிக் சார்ஜர். சாதாரணப் பயன்முறையில் 14.4-இல் நின்றுவிட்டு, பிறகு 13.6 போல இறங்கிப் பராமரிக்கும் சார்ஜர் என்றால், ஏற்கெனவே விழித்திருக்கும் லித்தியத்தை அதில் ஏற்றலாம். நிறைந்ததும் கழற்றிவிட வேண்டும், வாரக்கணக்கில் மாட்டி வைக்கக் கூடாது. ஆபத்து அதன் மற்ற பயன்முறைகளில் இருக்கிறது. ஈயத் தகட்டில் படியும் சல்பேட்டை உடைக்கச் சில சார்ஜர்கள் உயர் வோல்ட்டேஜ் துடிப்புகளை அனுப்பும். மீட்டெடுக்கும் பயன்முறை 15.8 வரை போகும். குளிர்காலப் பயன்முறை 14.7 அல்லது அதற்கு மேல். இதில் சிக்கல் என்னவென்றால், பேட்டரி மிகவும் இறங்கியிருப்பதாகத் தெரிந்தால் சில சார்ஜர்கள் நம்மைக் கேட்காமலே அந்தத் துடிப்பில் தொடங்கும். லித்தியத்தில் சல்பேட் கிடையாது, உடைக்க ஒன்றும் இல்லை. பிஎம்எஸ் போர்டில் துண்டிக்கும் வேலையைச் செய்யும் மாஸ்ஃபெட்தான் அடி வாங்கும். பொத்தானை அழுத்தினால்தான் அந்தப் பயன்முறை வருமா, தானாகவே வருமா என்று கையேட்டில் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

இதே சார்ஜர் இன்னொரு விதமாகவும் ஏமாற்றும். ஈயப் பேட்டரி ஓய்வில் 12.6, 12.7 காட்டினால் முழுசு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் 12.6 காட்டினால் கிட்டத்தட்ட காலி. நிறைந்து ஓய்வில் இருக்கும் லித்தியம் 13.3, 13.4 காட்டும். பாதி இறங்கிய பிறகும் 13.1, 13.2-இல் அசையாமல் நிற்கும், கடைசியில் சட்டென்று விழும். பராமரிப்புச் சார்ஜர் 12.7 அல்லது 12.8-க்குக் கீழே இறங்கினால் மறுபடி ஏற்றலாம் என்று காத்திருக்கும். பாதி காலியான லித்தியத்தில் 13.1-ஐப் பார்த்து, நிறைந்துவிட்டது என்று உடனே பச்சை விளக்கு போட்டுவிடக்கூடும். நாமும் நம்பிக் கழற்றி மாட்டினால் செல்ஃப் இரண்டு சுற்றில் நின்றுவிடும். கடையில் 12.5 காட்டுகிற லித்தியத்தைப் பார்த்து "சார்ஜ் இருக்கு, ஆனா லோடு எடுக்கல, செத்துப்போச்சு" என்று சொல்வதும் இதனால்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஈயத்தின் கணக்கை இதற்குப் போடுகிறார்கள்.

ஏற்றி முடித்து வண்டியில் மாட்டியதும் ஒரு சோதனை செய்யுங்கள். என்ஜினை ஓடவிட்டு, 4000 ஆர்பிஎம் அளவில் பிடித்துக்கொண்டு டெர்மினலில் வோல்ட்டேஜ் பாருங்கள். 13.8 முதல் 14.6 வரை என்றால் நல்லது. 15-ஐத் தொட்டால் ரெகுலேட்டர் ரெக்டிஃபையரை மாற்றும் வரை லித்தியம் வேண்டாம். பழைய வண்டிகளில் வோல்ட்டேஜைக் கவனிக்கும் வயரின் கனெக்டர் பச்சை பூத்திருந்தால், ரெகுலேட்டர் குறைவாக இருப்பதாக நினைத்து அதிகமாகக் கொடுக்கும். ஈயப் பேட்டரி அதைக் கொதித்துச் சமாளித்துக்கொண்டிருந்ததால் இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கலாம். ஓடும்போது பிஎம்எஸ் துண்டித்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். காயில் கொடுக்கும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளப் பேட்டரி இல்லாமல் வோல்ட்டேஜ் ஒரு கணம் எகிறும், பல்பு போகும், ஈசியூவும் போகலாம்.

கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான், ஆனால் வண்டியைப் பொறுத்து மாறும். போர்ஷே 2010-இல் 911 ஜிடி3 போன்ற கார்களுக்கு லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரியை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. 18 ஆம்பியர்-அவர்தான், ஆனால் 60-க்கு ஈடானது, எடை 6 கிலோ. உறைபனிக்குக் கீழே ஸ்டார்ட் செய்யும் பலம் குறையும் என்பதால் சாதா பேட்டரியையும் கூடவே கொடுத்தார்கள். ஹூண்டாய் அயோனிக் ஹைப்ரிடில் 12 வோல்ட் லித்தியம் இறங்கினால் அதுவாகத் துண்டித்துக்கொள்ளும், டேஷ்போர்டில் இருக்கும் ரீசெட் பொத்தானை அழுத்தி எழுப்பலாம். உங்கள் பைக் பேட்டரியில் நடந்ததும் அதேதான், பொத்தான் மட்டும் இல்லை. 2021 முதல் டெஸ்லா போட்ட சிறிய லித்தியம் பேட்டரி 12 வோல்ட்டே அல்ல, ஏறக்குறைய 15.5 வோல்ட். அதில் 12 வோல்ட் சார்ஜர் எதையும் மாட்ட வேண்டாம். எரிபொருளைச் சேமிக்க ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும் புதிய கார்களிலும் நான் லித்தியத்துக்கு மாற மாட்டேன். சீராகப் போகும்போது அது 12.8-க்குக் கீழே இறக்கிவிடும். ஈயத்தை முக்கால் அளவில் வைத்திருக்கப் போட்ட அந்தக் கணக்கு, லித்தியத்தைக் காலியாக வைத்திருக்கும்.

குளிர் நமக்குப் பெரிய பிரச்சினை இல்லை, லடாக் போகிறவர்களைத் தவிர. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகவே படியும், அது திரும்ப வராது. லேவில் காலையில் செல்ஃப் மந்தமாக இருந்தால் ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு மறுபடி முயலுங்கள். மின்சாரம் போகப் போகச் செல் உள்ளுக்குள் சூடாகி பலம் வரும்.

உங்கள் பேட்டரி 10-க்கு மேல் எழுந்து முழுசாக ஏறிவிட்டால், வண்டியில் மாட்டாமல் ஒரு நாள் அப்படியே வைத்துவிட்டு அளந்து பாருங்கள். 13.3-இல் நின்றால் மாட்டி ஓட்டலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுப் போங்கள். ஒரு நாளில் 13-க்குக் கீழே இறங்கியிருந்தால் ஏதோ ஒரு செல் தானாகவே வடிகிறது. 10-க்குப் பக்கத்தில் வந்து நின்றால் ஒரு செல் முழுசாகவே போய்விட்டது. அப்போது வாரண்டி அட்டையை எடுங்கள். ஒரு வருஷம்தான் ஆகிறது என்பதால் காலம் இன்னும் மிச்சம் இருக்கலாம். எழுப்பிய உடனும், நிறைந்த பிறகும், ஒரு நாள் கழித்தும் நீங்கள் அளந்த மூன்று எண்களையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஈயப் பேட்டரிக்கான டெஸ்டரை வைத்து அவர்கள் சொல்லும் முடிவைவிட அந்த மூன்று எண்களுக்கு மதிப்பு அதிகம்.